ஒன்றுசேரத் தவறிய வாரம்

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளையச் சூரிய கிரகணம் கடந்து போனது. அன்று எத்தனையோ வீடுகளில் கர்ப்பிணிப் பெண்களை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். அரிவாள்மணை, கத்தி, ஊசி எதையும் தொடக்கூடாது. தொட்டு நறுக்கினால் பிறக்கும் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் எச்சரிக்கை. இதைக் கேலி செய்துவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் பிளவுடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் அந்த எச்சரிக்கையே குற்றச்சாட்டாக மாறுகிறது. "கிரகணத்தன்னிக்கு என்ன பண்ணினே, ஞாபகப்படுத்திப் பாரு" என்று மாமியார் கேட்பார். பெற்றவளும் அன்று ஒரு எலுமிச்சம்பழம் அரிந்தது நினைவுக்கு வந்து அழுதுகொண்டிருப்பாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கிரகணத்துக்குப் பின் 2020 ஜனவரி 20ஆம் தேதி, உரிய நாளில், மேலுதடு பிளந்த ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். கரு உண்டானதிலிருந்து பிறப்பு வரை சராசரியாக 266 நாட்கள். பின்னோக்கி எண்ணினால் கரு உண்டான நாள் ஏறக்குறைய 2019 ஏப்ரல் 29. மனிதக் கருவில் மேலுதடு ஏழாம் வார முடிவுக்குள் சேர்ந்துவிடும். அதாவது ஜூன் 17 அளவில் அந்தக் குழந்தையின் உதடு சேர்ந்ததா சேரவில்லையா என்பது முடிவாகிவிட்டது. கிரகணம் வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து, தாய்க்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது. அன்று அவள் எலுமிச்சம்பழம் அல்ல, ஒரு வண்டி பலாப்பழத்தையே வெட்டியிருந்தாலும் ஏற்கெனவே சேர்ந்த உதடு பிரிந்திருக்காது.

இந்தக் கட்டுரையில் வரும் வாரங்களெல்லாம் கரு உண்டான நாளிலிருந்து எண்ணியவை. மருத்துவமனைச் சீட்டில் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார்கள் என்பதால் அதில் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும்.

அப்படியானால் அந்த ஜூன் மாதத்தில் என்னதான் நடந்தது? பிளவு என்ற சொல்லைக் கேட்டதும், முழுதாக இருந்த ஒன்று கிழிந்துபோனது போன்ற எண்ணம்தான் நமக்கு வருகிறது. உண்மை இதற்கு நேர்மாறு. எல்லோருடைய முகமும் தொடக்கத்தில் தனித்தனித் துண்டுகளாகத்தான் இருக்கிறது. பிளவுள்ள குழந்தையிடம் எதுவும் கிழியவில்லை. சேரவேண்டிய ஓரிடம் சேராமல் நின்றுவிட்டது.

நான்காம் வாரத்தில் கரு அரை சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம்தான். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குழி மட்டும் இருக்கும். அதைச் சுற்றி ஐந்து புடைப்புகள் எழும்புகின்றன. மேலே நெற்றிப் பக்கம் ஒன்று, இருபுறமும் மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. இவற்றை நிரப்பும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்தவை அல்ல. மூளையும் தண்டுவடமும் குழாயாக உருவாகும்போது அதன் முதுகு விளிம்பில் தோன்றும் நரம்பு முகடு செல்கள், அங்கிருந்து கிளம்பித் தலையைச் சுற்றிக்கொண்டு முகத்துக்கு வந்து சேர்கின்றன. முகத்தின் எலும்பும் குருத்தெலும்பும் பெரும்பாலும் இவற்றிலிருந்து உருவாகின்றன. வந்து சேரும் செல்கள் குறைந்தாலோ, வந்தவை போதிய அளவு பெருகாவிட்டாலோ, புடைப்பு சிறுத்துப்போகும். சிறுத்த புடைப்பு பக்கத்துப் புடைப்பை எட்டாது.

ஐந்தாம் வாரத்தில் நெற்றிப் புடைப்பின் இரு பக்கத்திலும் மூக்குக்கான குழிகள் இறங்குகின்றன. ஒவ்வொரு குழிக்கும் உட்புறம் ஒரு மேடு, வெளிப்புறம் ஒரு மேடு. பின்பு கன்னப் பக்கத்திலிருந்து மேல்தாடைப் புடைப்புகள் நடுவை நோக்கி வளர்ந்து, அந்த உள் மேடுகளை ஒன்றையொன்று நெருங்கவைக்கின்றன. இரண்டு உள் மேடுகளும் நடுவில் ஒன்றாகிவிடும். அவற்றிலிருந்துதான் மேலுதட்டின் நடுப்பகுதி, முன்பற்கள் நான்கும் முளைக்கும் ஈறு, அதற்குப் பின்னால் உள்ள சிறு முக்கோண அண்ணம் எல்லாம் வருகின்றன. கடைசியாக இந்த நடுத்துண்டோடு இடமும் வலமும் மேல்தாடைப் புடைப்புகள் ஒட்டவேண்டும். மூக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தின் இரு ஓரத்திலும் மெல்லிய வரம்பு தட்டுப்படுகிறதே, ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் அந்த ஒட்டு நடக்கிறது.

உதட்டுப் பிளவு நட்டநடுவில் வராமல் ஒரு பக்கமாக, நாசித்துவாரத்தை நோக்கி ஏறிப்போவதன் காரணம் இதுதான். ஒரு பக்க ஒட்டு தவறினால் ஒரு பிளவு. இரண்டு பக்கமும் தவறினால் இரட்டைப் பிளவு. அப்போது நடுத்துண்டு மட்டும் மூக்கின் நுனியோடு ஒட்டிக்கொண்டு முன்னால் தள்ளி நிற்கும். ஒரு பக்கப் பிளவில் வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் சுமார் இரு மடங்கு அதிகம். சில குழந்தைகளுக்கு உதட்டோரத்தில் ஒரு சின்ன வெட்டு மட்டும் இருக்கும். வேறு சிலருக்கு உதடு முழுதும் பிளந்திருந்தாலும் நாசித்துவாரத்தின் அடியில் மெல்லிய தோல் பாலம் ஒன்று குறுக்கே ஓடும். சைமனார்ட் பட்டை என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தப் பாலத்தைப் பார்த்தால், ஒட்டு தொடங்கிப் பாதியில் நின்றது கண்ணுக்கே தெரியும்.

அண்ணத்தின் கதை தனி. டென்மார்க்கைச் சேர்ந்த பால் ஃபோக் ஆண்டர்சன் 1942இல் குடும்பங்களை ஆராய்ந்து, உதட்டுப் பிளவும் (அதோடு அண்ணமும் பிளந்திருப்பது உட்பட) அண்ணம் மட்டும் பிளந்திருப்பதும் பரம்பரையில் இரு வேறு சங்கதிகள் என்று காட்டினார். ஒரு வீட்டில் உதட்டுப் பிளவு இருந்தால் அடுத்தும் அதே வகைதான் பெரும்பாலும் வருகிறது. முதல் வகை ஆண் குழந்தைகளிடம் அதிகம். அண்ணம் மட்டும் பிளப்பது பெண் குழந்தைகளிடம் அதிகம். இந்தப் பெண்பிள்ளைக் கணக்குக்குப் பின்னால் ஒரு சுவையான காரணம் உண்டு. அதற்கு அண்ணம் எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஆறாம் வாரத்தில் இரு பக்க மேல்தாடைப் புடைப்புகளின் உட்புறத்திலிருந்து ஆளுக்கொரு தகடு வளர்கிறது. வாயின் கூரையாக வேண்டிய இவை படுக்கைவாட்டில் வளர்வதில்லை. செங்குத்தாகக் கீழ்நோக்கி, நாக்கின் இரு பக்கமும் தொங்குகின்றன. அப்போது வாயும் மூக்கும் ஒரே அறை. அந்த அறையை நாக்கு முழுதாக அடைத்துக்கொண்டிருக்கிறது. ஏழு, எட்டாம் வாரங்களில் கீழ்த்தாடை நீண்டு நாக்கு கீழே இறங்கி வழிவிடும்போது, தகடுகள் இரண்டும் மேலெழுந்து படுக்கைவாட்டுக்கு வருகின்றன. பிறகு நடுவை நோக்கி வளர்ந்து ஒன்றையொன்று தொடுகின்றன. ஒட்டுதல் முன்னால் தொடங்கிப் பின்னோக்கிப் போய், பன்னிரண்டாம் வாரத்தில் உள்நாக்கில் முடிகிறது.

தொட்டுவிட்டால் மட்டும் போதாது. இரண்டு தகடுகளின் விளிம்பிலும் மேல்தோல் இருக்கிறது. அந்தத் தோல்கள் ஒட்டி நடுவில் ஒரு தையல்போல் நிற்கும். அந்தத் தையல் கரைந்து மறைந்தால்தான் இருபுறத்துச் சதையும் ஒன்றாகும். இதற்கு டி.ஜி.எஃப் பீட்டா 3 என்ற புரதம் வேண்டும். இந்தப் புரதம் இல்லாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிகளில், தகடுகள் ஒழுங்காக எழுந்து நெருங்கியும் ஒட்டாமல் போனதை 1995இல் கண்டார்கள். கோழி வளர்ப்பவர்கள் இதற்கு ஆய்வுக்கூடம் போகவேண்டியதில்லை. கோழியின் அலகைத் திறந்து மேலே பார்த்தால் நீளவாக்கில் ஒரு பிளவு தெரியும். கோழிக்கு அதுதான் இயல்பு. அதன் அண்ணத் தகடுகள் நெருங்கி வருமே தவிர ஒட்டுவதில்லை. ஆய்வகத்தில் கோழிக்குஞ்சுக் கருவின் தகடுகளை எடுத்து இந்தப் புரதத்தைச் சேர்த்தபோது அவையும் ஒட்டிக்கொண்டன.

இனிப் பெண்பிள்ளைக் கணக்கு. பெண் கருவில் அண்ணத் தகடுகள் சேர்வது ஆண் கருவைவிட ஏறக்குறைய ஒரு வாரம் பிந்துகிறது. சேராமல் கிடக்கும் நாட்கள் கூடினால் இடையூறுக்கு ஆளாகும் நாட்களும் கூடுகின்றன. பெண்களிடம் அண்ணப் பிளவு அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது பரவலான விளக்கம்.

நேரம் எப்படி விதியாகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை. 1950களின் தொடக்கத்தில் மரபியலாளர் கிளார்க் ஃப்ரேசரும் அவருடைய மாணவர் தியடோர் ஃபைன்ஸ்டாட்டும் சினையாக இருந்த சுண்டெலிகளுக்கு, அண்ணம் உருவாகும் நாட்களில் கார்டிசோன் ஊசி போட்டார்கள். இரண்டு இன எலிகள்; மருந்தும் அளவும் ஒன்று. ஏ என்ற இனத்தில் பிறந்த குட்டிகள் ஏறக்குறைய அத்தனைக்கும் அண்ணம் பிளந்திருந்தது. சி57 பிளாக் என்ற கறுப்பு எலி இனத்தில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் பிளவு. மருந்துதான் காரணம் என்றால் இரண்டு இனத்திலும் ஒரே மாதிரி வந்திருக்கவேண்டும். மரபணுதான் காரணம் என்றால் மருந்து இல்லாமலே ஏ இனக் குட்டிகள் அத்தனையும் பிளவோடு பிறந்திருக்கவேண்டும். இரண்டுமே நடக்கவில்லை.

பிறகு வாக்கர் என்பவரோடு சேர்ந்து ஃப்ரேசர், மருந்து கொடுக்காத கருக்களை நாள்வாரியாக எடுத்துப் பார்த்தார். ஏ இனத்தில் தகடுகள் இயல்பாகவே பிந்தித்தான் எழுகின்றன. கறுப்பு இனத்தில் முந்தி எழுந்துவிடுகின்றன. கார்டிசோன் இரண்டிலுமே தகடு எழுவதைத் தாமதப்படுத்துகிறது. இதற்கிடையில் தலை காத்திருப்பதில்லை. அது பாட்டுக்கு அகன்றுகொண்டே போகிறது. ஓரளவுக்கு மேல் பிந்தி எழுந்த தகடுகள் நடுவை நோக்கி நீண்டாலும் எட்டாது. கடைசிப் பேருந்துக்கு அரை மணி முன்னதாகவே நிலையத்துக்கு வருகிறவருக்கு வழியில் கால் மணி நேரம் தடைபட்டாலும் பேருந்து கிடைத்துவிடும். எப்போதும் கடைசி நிமிடத்தில் ஓடிவருகிறவருக்கு அதே கால் மணி, பேருந்தையே இழக்கவைத்துவிடும்.

மனிதர்களில் பெரும்பாலான பிளவுகளுக்கும் இந்த விளக்கம்தான் இன்று வரை பொருந்திவருகிறது. பல மரபணுக்கள் சேர்ந்து, ஒரு கருவுக்குக் கைவசம் எவ்வளவு அவகாசம் என்பதைத் தீர்மானிக்கின்றன. வெளிக்காரணங்கள் அதில் கொஞ்சம் தின்கின்றன. எல்லாம் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால் பிளவு. தாண்டாவிட்டால் ஒன்றுமே தெரியாது. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்குப் பிளவு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான். மரபணுக்கள் ஒன்றே, கருப்பையும் ஒன்றே; இருந்தும் ஒருவர் எல்லைக்கு இப்பால், ஒருவர் அப்பால். உலக அளவில் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் இது நடந்துகொண்டிருக்கிறது. "எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும் கிடையாதே" என்று பெற்றோர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான்; எல்லைக்கு மிக அருகில் நின்றவர்கள் அந்த வம்சத்தில் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

வெளிக்காரணம் என்றால் எவை? புகைப்பழக்கம், மது, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், டோபிராமேட் போன்ற சில மருந்துகள், கடும் முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. வலிப்பு மருந்தைப் பயந்து தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதுதான் வழி. பெரும்பாலான தாய்மாரிடம் இந்தப் பட்டியலில் எதுவுமே இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்தப் பொதுவிதிக்கு வெளியே நிற்பவையும் உண்டு. வான் டெர் வூட் நோய்க்கூட்டில் ஒரே ஒரு மரபணு பழுதானால் போதும். ஐ.ஆர்.எஃப்6 என்ற அந்த மரபணுவை 2002இல் கண்டறிந்தார்கள். இதை அடையாளம் காண விலையுயர்ந்த சோதனை தேவையில்லை. கீழுதட்டில் நடுக்கோட்டின் இரு பக்கமும் ஊசி குத்தியதுபோல் இரு சிறு குழிகள் இருக்கும். பிளவே இல்லாத தகப்பனுக்கோ தாய்க்கோ அந்தக் குழி மட்டும் இருக்கலாம். ஆனால் அவரிடமிருந்து பழுதான மரபணு ஒவ்வொரு பிள்ளைக்கும் போக வாய்ப்பு சரிபாதி. பிளவுள்ள குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் பெற்றோரின் உதட்டையும் உற்றுப் பார்ப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று, பிரெஞ்சு மருத்துவர் பியர் ராபின் பெயரால் வழங்குவது. இதில் குற்றம் அண்ணத்தில் தொடங்குவதில்லை. கீழ்த்தாடை சிறுத்துவிடுவதால் நாக்கு இறங்க இடமில்லை. நாக்கு வழிவிடாததால் தகடுகள் எழமுடியவில்லை. அண்ணம் கூராகப் பிளக்காமல், நாக்கின் வடிவத்தையே அச்செடுத்ததுபோல் குதிரைலாட வடிவில் அகலமாகத் திறந்திருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு முதல் கவலை பால் அல்ல, மூச்சு. மல்லாக்கப் படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். எப்படிப் படுக்கவைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்யவேண்டும்.

உதட்டுப் பிளவை ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பெரும்பாலும் பார்த்துவிடலாம். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் ஸ்கேனில் தப்பிவிடுவதே வழக்கம். எலும்பின் நிழலும் நாக்கும் மறைத்துவிடும். பிறந்தபின்னும் வாயை டார்ச் அடித்து உள்நாக்கு வரை பார்க்காமல், விரலால் தடவி மட்டும் பார்த்தால் பின்பக்கப் பிளவு கவனத்துக்கு வராமல் போகலாம். வீட்டுக்கு வந்தபின் தெரியும் அறிகுறி மூக்கு வழியாகப் பால் வருவது. வாயும் மூக்கும் தனித்தனி அறையாகாததால் குழந்தையால் உறிஞ்சுவதற்கான இழுப்பை உண்டாக்க முடியாது. முலைக்காம்பை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் முயன்று களைத்துத் தூங்கிவிடும், எடை ஏறாது. தாய்ப்பாலைக் கறந்து, குழந்தையைத் தலை உயர்த்திச் சாய்வாகப் பிடித்து, பாலாடையிலோ பிழியக்கூடிய தனிவகைப் புட்டியிலோ கொடுக்கவேண்டும்.

இவற்றைவிடத் தந்திரமானது தோலுக்கடியில் ஒளிந்திருக்கும் பிளவு. மேலே சவ்வு மூடியிருக்கும். உள்ளே தசை சேர்ந்திருக்காது. உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பதும், அண்ணத்தின் நடுக்கோடு நீலம் பாய்ந்து மெலிந்திருப்பதும், கடின அண்ணத்தின் பின் விளிம்பில் விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்படுவதும் அதன் அடையாளங்கள். பிரிந்த உள்நாக்கு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தொந்தரவு தராது. குழந்தை பேசத் தொடங்கி, 'ப', 'க' எல்லாம் மூக்கில் காற்று கசிந்து வரும்போதுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. மெல்லண்ணத்தின் தசைகள் காதுக்குழாயையும் திறந்துவிடுபவை. அவை சரியாக இணையாவிட்டால் நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையும். ஆகவே அண்ணப் பிளவுள்ள குழந்தைக்குக் காதுப் பரிசோதனையும் தவறக்கூடாது.

உதட்டைச் சுமார் மூன்றாம் மாதத்திலும், அண்ணத்தை ஒன்பது மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையிலும் அறுவைசெய்து சேர்க்கிறார்கள். அண்ணத்தை அதற்கு மேல் தள்ளிப்போட்டால், மூக்கில் பேசும் பழக்கம் படிந்துவிடும். ஈறும் பிளந்திருந்தால் கோரைப்பல் முளைப்பதற்கு முன், எட்டு ஒன்பது வயதளவில், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து அங்கே வைப்பார்கள்.

அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா என்பது பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. வேறு குறைபாடு எதுவும் சேராமல், குடும்பத்தில் முதல்முறையாக வந்த பிளவென்றால், அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து. அதாவது தொண்ணூற்றைந்துக்கும் குறையாத பிள்ளைகள் பிளவில்லாமல் பிறக்கிறார்கள். ஃபோலிக் அமில மாத்திரை முதுகுத்தண்டுக் குறைபாடுகளைத் தடுப்பது உறுதியானது. பிளவைத் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த பதில் தரவில்லை. எப்படியிருந்தாலும் அது வேலைசெய்ய வேண்டுமானால், மாதவிடாய் தள்ளிப்போய், பரிசோதனை செய்து, முதல் செக்கப்புக்குப் போய் எழுதிவாங்கும் வரை காத்திருக்க முடியாது. அந்தச் சீட்டு கைக்கு வரும்போது பல கருக்களில் மேலுதடு சேர்ந்து முடிந்திருக்கும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் மாதத்திலேயே மாத்திரையைத் தொடங்கிவிடுவது நல்லது.